கார்டு சேர்க்கும் பிள்ளைகளுக்கு ஓர் அச்சுக்காரன் சொல்வது

கண்டரமாணிக்கத்தில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் கையில் போக்கிமான் கார்டுகளைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா கொண்டுவந்தது, காரைக்குடி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது, திருவிழாக் கடையில் வாங்கியது, ஆன்லைனில் வரவழைத்தது என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எது நிஜம், எது போலி என்ற சண்டை வந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காரணம், நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். படத்தில் இருக்கும் டிராகனின் சக்தி எனக்கு முக்கியமில்லை. அட்டையும் மையும் வெட்டும் எப்படி என்றுதான் என் கண் போகும். போலியைக் கண்டுபிடிக்க அந்தப் பார்வைதான் வேண்டும். ஐயா என்று கூப்பிட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. தங்க நிறப் பாக்கெட்டை வாங்காதீர்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து கார்டு ஒரே பெட்டியில், எல்லாமே தங்க நிறத்தில் அல்லது கறுப்பு நிறத்தில், வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடாக, நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அவை அத்தனையும் போலி. லென்ஸ் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். போக்கிமான் நிறுவனம் அப்படியொரு பெட்டியை வெளியிட்டதே இல்லை. அசலில் தங்க நிறக் கார்டு உண்டு. ஆனால் அதுவும் அட்டையில் அச்சடித்ததுதான், அபூர்வமாகத்தான் கிடைக்கும். உலோகத்தில் செய்த கார்டுகளை மிகச் சில விலையுயர்ந்த பெட்டிகளில் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். 2021இல் வந்த செலிபிரேஷன்ஸ் பெரிய பெட்டியில் பிக்காச்சு, சாரிசார்டு இரண்டும் அப்படி வந்தன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 முதல் வந்த ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையின் ஆங்கிலப் பாக்கெட் ஒன்றில் பத்து கார்டு இருக்கும். கூடவே ஓர் அடிப்படை எனர்ஜி கார்டு வரும். அந்தப் பத்தில் நான்கு சாதாரணம், மூன்று அதற்கு அடுத்த நிலை, மீதி மூன்றுதான் பளபளப்பு. ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அத்தனையும் பளபளவென்று, அத்தனையும் பெரிய பெயர்களாக இருந்தால் அது அசல் பாக்கெட் இல்லை. சார்மேண்டரும் காட்டர்பியும் சலிக்கச் சலிக்க வருவதுதான் அசலின் அடையாளம்.

2. அபூர்வக் குறியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கார்டின் அடியோரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு குறி இருக்கும். பழைய கார்டுகளில் வலது மூலையில், புதியவற்றில் இடது மூலையில். வட்டம் என்றால் சாதாரணம். சாய்சதுரம் என்றால் சற்றுக் குறைவாகக் கிடைப்பது. நட்சத்திரம் என்றால் அபூர்வம். 1999இல் அமெரிக்காவில் ஆங்கிலக் கார்டு வந்த நாளிலிருந்து இந்த மூன்றும் மாறவில்லை.

நட்சத்திரம் எத்தனை, என்ன நிறம் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் வந்த 151 என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டு ஒரே குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் புரிந்துவிடும். அதில் சார்மேண்டருக்கு எண் 4, குறி வட்டம். சார்மீலியனுக்கு எண் 5, குறி சாய்சதுரம். சாரிசார்டுக்கு எண் 6, குறி இரண்டு கறுப்பு நட்சத்திரம். அதே சாரிசார்டு 183ஆம் எண்ணில் மறுபடி வருகிறது, கார்டு முழுக்கப் படம் நிறைந்து. அதில் இரண்டு வெள்ளி நட்சத்திரம். 199ஆம் எண்ணில் மூன்றாவது முறை வருகிறது, ஓர் ஓவியர் தன் கற்பனையில் தீட்டிய காட்சியாக; அதில் இரண்டு தங்க நட்சத்திரம். சார்மேண்டரும் 168ஆம் எண்ணில் ஓவியமாகத் திரும்பி வருகிறது. அதற்கு ஒற்றைத் தங்க நட்சத்திரம். முழுக்கத் தங்க நிறமான மியூ 205ஆம் எண், மூன்று தங்க நட்சத்திரம். வட்டத்திலிருந்து மூன்று தங்க நட்சத்திரம் வரை ஒரே தொகுப்பில் பார்த்துவிட்டீர்கள். இது ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையின் கணக்கு. மற்ற வரிசைகளில் கூடுதல் குறிகள் வரும். ஒவ்வொன்றையும் அந்தந்தத் தொகுப்பின் பட்டியலோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானியக் கார்டில் இப்போது நட்சத்திரத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். சி என்றால் சாதாரணம், யு, ஆர், ஆர் ஆர், எஸ் ஆர் என்று ஏறிக்கொண்டே போகும். அதன் பின்பக்க வடிவமும் ஆங்கிலக் கார்டின் பின்பக்கம் போல இருக்காது. சித்தப்பா ஜப்பானியக் கார்டு கொண்டுவந்திருந்தால் பின்பக்கம் வேறு மாதிரி இருக்கிறது என்று அதைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

3. குறியோடு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். சாரிசார்டின் ஓவியக் கார்டில் 199/165 என்று இருக்கும். தொகுப்பின் வழக்கமான வரிசை 165 கார்டோடு முடிகிறது, இது அதைத் தாண்டி ரகசியமாகச் சேர்த்தது என்று பொருள். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். ஆனால் எண்ணும் குறியும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 006/165 என்று போட்டுவிட்டு இரண்டு தங்க நட்சத்திரம் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். வட்டக் குறி போட்ட கார்டு தங்க நிறத்தில் மின்னினாலும் அப்படித்தான்.

குறியே இல்லாத அசல் கார்டும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படை எனர்ஜி கார்டில் பெரும்பாலும் குறி இருக்காது. 1996இல் ஜப்பானில் அடித்த முதல் அச்சில் அபூர்வக் குறியே போடவில்லை. சேகரிப்பவர்கள் இன்று அதற்காகவே அந்தக் கார்டுகளைத் தேடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை கைக்கு அப்படி ஒன்று திருவிழாக் கடையிலிருந்து வந்து சேராது.

4. குறி பொருந்தினால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. போலி அடிப்பவன் உட்கார்ந்து புதிதாக வரைவதில்லை. நல்ல கார்டு ஒன்றை ஸ்கேன் செய்கிறான். எண், நட்சத்திரம், ஓவியர் பெயர், அடியில் இருக்கும் உரிமை வரி, எல்லாமே ஸ்கேனில் சரியாகவே விழுந்துவிடும். குறி பொருந்தாவிட்டால் போலி என்பது நிச்சயம். பொருந்தினால் ஒன்றும் நிச்சயமில்லை, சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. ஸ்கேனில் விழாதது அச்சடித்த விதம். அதைப் பார்க்க வேண்டும்.

5. முதலில் ஒரு மாதிரிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான கடையில் சீல் உடைக்காத பாக்கெட்டாக நீங்களே வாங்கி, நீங்களே பிரித்து எடுத்த ஒரு வட்டக்குறிக் கார்டு போதும். யாரும் விலை பேசாத கார்டாக இருப்பது நல்லது, ஏனென்றால் அதை அடிக்கடி கையில் எடுப்பீர்கள். சந்தேகக் கார்டை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நினைவில் இருக்கும் நீலத்தோடு கண்ணெதிரே இருக்கும் நீலத்தை ஒப்பிட்டால் கண் ஏமாற்றும். பக்கம் பக்கமாக வைத்தால் ஏமாற்றாது. முடிந்தால் அதே தொகுப்பின் கார்டாக இருக்கட்டும், ஏனென்றால் அசல் அச்சிலேயே தொகுப்புக்குத் தொகுப்பு நிறம் லேசாக மாறும்.

பகல் வெளிச்சத்தில், வளவுக்குள் வெயில் நேரே விழாத இடத்தில், இரண்டையும் குப்புற வையுங்கள். போலியின் பின்பக்க நீலம் பெரும்பாலும் ஊதாப் பக்கம் சாயும், அல்லது வெளிறிக் கிடக்கும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து விளிம்புகளைத் தடவுங்கள். கார்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். போலி அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தாலும் விரலுக்குத் தெரியும். நான்கு மூலையின் வளைவும் ஒரே மாதிரி உட்கார வேண்டும்.

6. லென்ஸ் வாங்குங்கள். கார்டு வாங்கும் காசில் இதை முதலில் வாங்குங்கள் என்பேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்து மடங்கு காட்டினாலே போதும், முப்பது மடங்கு இருந்தால் இன்னும் நல்லது.

என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன். வண்ண அச்சு என்பது நான்கு நிறம்தான்: சயான் என்கிற நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். ஒவ்வொரு பிளேட்டும் பொடிப் புள்ளிகளாக விழும். நான்கும் வெவ்வேறு சாய்வில் விழுவதால் லென்ஸில் புள்ளிகள் சின்னச் சின்ன வளையங்களாகச் சேர்ந்து தெரியும். அசல் கார்டின் படத்தில் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். இது போலியிலும் இருக்கும், அதனால் புள்ளி இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

லென்ஸை இப்போது எழுத்துக்கு நகர்த்துங்கள். கறுப்பு எழுத்து, எண், குறியின் ஓரம். அசலில் எழுத்து படத்தோடு கலந்து வராது. கறுப்பு மையில் மட்டும், முழுக் கோடாக, ஓரம் சீராக விழுந்திருக்கும். உள்ளே புள்ளி இருக்காது. காரணம், அசல் அச்சடிப்பவர்களிடம் எழுத்து தனிக் கோப்பாக இருக்கிறது, அதைக் கறுப்பு பிளேட்டில் மட்டும் போடுகிறார்கள். போலிக்காரனிடம் அந்தக் கோப்பு இல்லை. அவனிடம் இருப்பது ஸ்கேன். ஸ்கேனுக்கு எழுத்து எது, படம் எது என்று தெரியாது. எல்லாம் ஒரே படம். அதைத் திரும்ப நான்கு நிறமாகப் பிரிக்கும்போது கறுப்பு எழுத்துக்குள்ளும் நீலப் புள்ளி, மெஜந்தாப் புள்ளி, மஞ்சள் புள்ளி வந்து உட்கார்ந்துவிடும். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். படத்தில் ஏற்கெனவே புள்ளி இருந்த இடத்தில் புதுப் புள்ளி ஏறுவதால் அலை அலையாகக் கோடுகளும் தெரியலாம். சிவகாசியில் பழைய காலண்டரை ஸ்கேன் பண்ணி மறுபடி அடித்துத் தரச் சொல்லி வருபவர்களுக்கு இதே பாடத்தைத்தான் சொல்லி அனுப்புவோம்.

சில போலிக்காரர்கள் எழுத்தை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்து கறுப்பில் அடிப்பார்கள். அப்போது லென்ஸில் எழுத்து சுத்தமாகத் தெரியும், ஆனால் எழுத்துரு மாறியிருக்கும். போக்கிமான் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஈ எழுத்தின் தலையில் வரும் சாய்கோடு விடுபடுவது, வார்த்தைகளுக்கிடையே இடைவெளி தாறுமாறாக இருப்பது, எனர்ஜிக் குறி பெரிதாகவோ இடம் தள்ளியோ இருப்பது, இவற்றை மாதிரிக் கார்டோடு ஒப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம். உயிர்ப்புள்ளி எண்ணையும் பாருங்கள். அது எப்போதும் பத்தின் மடங்காகத்தான் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டிய எண் போட்டிருந்தால் லென்ஸே தேவையில்லை.

7. அட்டையின் உள்ளே பாருங்கள். விளையாட்டுக் கார்டின் அட்டை ஒரே தாள் இல்லை. இரண்டு தாளுக்கு நடுவே ஒரு கருமையான அடுக்கு வைத்து ஒட்டியது. எதிரில் இருப்பவருக்கு வெளிச்சத்தில் கார்டின் படம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. ஆப்செட்டில் அடிக்கும் வழக்கமான ஆர்ட் போர்டில் அப்படி எதுவும் இல்லை. போலிக்காரன் மலிவான போர்டில் அடிப்பதால் அங்கே மாட்டிக்கொள்கிறான்.

இருட்டு அறையில் போன் டார்ச்சைக் கார்டின் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். மாதிரிக் கார்டில் வெளிச்சம் மங்கலாகத்தான் ஊடுருவும். போலியில் பளிச்சென்று வரும். இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பளபளப்புக் கார்டில் உள்ளே ஃபாயில் இருப்பதால் அது எப்படியும் வெளிச்சத்தை மறைக்கும். அதனால் பளபளப்புக் கார்டைப் பளபளப்புக் கார்டோடும், சாதாரணக் கார்டைச் சாதாரணக் கார்டோடும் மட்டும் ஒப்பிடுங்கள். விளிம்பை லென்ஸில் பார்த்தால் அசலில் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடுவது தெரியும்.

கிழித்துப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, இரண்டாக மடக்கிப் பார்ப்பது போன்ற சோதனைகளைச் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் கார்டு போய்விடும். மற்றவர் கார்டில் செய்தால் நட்பும் போய்விடும்.

8. ஒரு கார்டை முழுதாகப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பேத்தி ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு 151 தொகுப்பின் சாரிசார்டு வாங்கியிருந்தாள். 199/165, இரண்டு தங்க நட்சத்திரம், உயிர்ப்புள்ளி 330. எல்லாம் பட்டியலோடு பொருந்தியது. விலைதான் முதலில் உறுத்தியது. அமெரிக்கச் சந்தையில் நூறு டாலருக்கு மேல் போகும் கார்டை யாரும் நமக்கு முந்நூறுக்குத் தர மாட்டார்கள். ஆனாலும் விலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கார்டையே பார்த்தோம்.

அவளிடம் இருந்த அசல் சார்மேண்டரை, 151 தொகுப்பின் நாலாம் எண், பக்கத்தில் வைத்தோம். பின்பக்கத்தில் நிற வேறுபாடு கொஞ்சம்தான். அதை வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்து முகப்பை விரல் நுனியால் மெதுவாகத் தடவச் சொன்னேன். இரண்டு வெள்ளி நட்சத்திரக் கார்டிலும் இரண்டு தங்க நட்சத்திரக் கார்டிலும் அசலின் மேற்பரப்பில் படத்தின் ஓட்டத்தை ஒட்டி மெல்லிய மேடுபள்ளக் கோடுகள் அழுத்தப்பட்டிருக்கும். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் தெரியும், நகத்தால் லேசாக வருடினால் கேட்கவும் செய்யும். அவள் கார்டு வழவழவென்று இருந்தது. இதில் ஒரு கவனம் வேண்டும்: இரண்டு கறுப்பு நட்சத்திரம் போட்ட ஆறாம் எண் சாரிசார்டு அசலிலேயே வழவழப்பானது. எந்தக் குறிக்கு எந்த மேற்பரப்பு என்று தெரியாமல் தடவினால் நல்ல கார்டைத் தள்ளிவிடுவோம். அபூர்வக் குறியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பிறகு லென்ஸ். தாக்குதலின் பெயர் அச்சான கறுப்பு எழுத்துக்குள் மெஜந்தாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. சார்மேண்டரில் அதே இடத்தில் எழுத்து திடமான கறுப்பு. அவளே லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே போலி என்று சொன்னாள். மேற்பரப்பு, எழுத்து இரண்டும் தனித்தனியாக ஒரே தீர்ப்பைச் சொன்னதால் டார்ச் சோதனைக்கே போகவில்லை. ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து யார் கார்டையும் போலி என்று சொல்லாதீர்கள். இரண்டாவது சேர வேண்டும்.

அவள் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்க முடிந்தது. நீங்களும் பிரிக்கும் முன்பே போனை ஆன் செய்யுங்கள். விற்றவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பெரியவர்களைப் புகார் செய்யச் சொல்லுங்கள்.

9. ஸ்லீவில் போடாமல் நல்ல கார்டைத் தரையில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணாடியாக இருந்தாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மணல் இருக்கும். கார்டை இழுத்து நகர்த்தும்போது ஃபாயிலில் கோடு விழும், அது போகாது. சுத்தமான தடித்த துணி விரித்து விளையாடுங்கள். தேன்குழலோ சீப்புச் சீடையோ தின்ற கையோடு கார்டைத் தொடாதீர்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கைக்கும் இதே விதிதான். எண்ணெய் அட்டையின் வெட்டு விளிம்பு வழியாக உள்ளே ஏறினால் எடுக்க வழியில்லை.

ஸ்லீவ் என்பது கார்டை நுழைத்து வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. போக்கிமானுக்கும் மேஜிக்குக்கும் ஏறத்தாழ 66க்கு 91 மில்லிமீட்டர் அளவுள்ள உறை வாங்குங்கள். யூ-கி-ஓ கார்டு 59க்கு 86 என்று சிறியது, அதற்குச் சிறிய உறை தனியாக விற்கிறார்கள். பெரிய உறையில் போட்டால் கார்டு உள்ளே ஆடி மூலை நசுங்கும். வாங்கும்போது பாலிப்ரொபிலீன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பி.வி.சி. உறையும், பழைய போட்டோ ஆல்பத்தின் கனத்த தாள்களும் வேண்டாம். பி.வி.சி.யை வளையச் செய்யச் சேர்த்திருக்கும் மென்மையாக்கி நாளடைவில் கசிந்து கார்டின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். கடுமையான பிளாஸ்டிக் வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

விலையுயர்ந்த கார்டுக்கு இரண்டு உறை போடலாம். முதல் உறை 64க்கு 89 அளவில் கார்டை ஒட்டிப் பிடிப்பது. அதைக் கார்டின் தலைப்பக்கமாகப் போடுங்கள், திறப்பு கீழே இருக்கும்படி. பிறகு வெளியுறையைக் கீழ்ப்பக்கமாகப் போட்டால் அதன் திறப்பு மேலே வரும். இரண்டு திறப்பும் எதிரெதிரே இருப்பதால் தூசிக்கும் ஈரத்துக்கும் நேர்வழி இருக்காது. டாப்லோடர் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டில் வைப்பதானால் முதலில் மெல்லிய உறையில் போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். வெறும் கார்டை அதில் நுழைத்தால் நுழைக்கும்போதே கீறும். தபாலில் அனுப்பும்போது வாயை செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை எடுத்த பிறகும் நிற்கும். பெயிண்டர்கள் ஒட்டும் தாள் டேப் போதும்.

விளையாடும் கட்டில் அறுபது கார்டுக்கும் ஒரே நிற, ஒரே வயது உறையாக இருக்கட்டும். நான்கு கார்டுக்கு மட்டும் புது உறை போட்டால் குப்புற இருக்கும்போதே எது என்று தெரிந்துவிடும். போட்டியில் நடுவர் அதைக் குறியிட்ட கட்டு என்றே எடுத்துக்கொள்வார்.

10. நம் ஊர் வானிலைக்கு ஏற்ப வையுங்கள். ஃபாயில் கார்டு ஏன் வளைகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும், ஃபாயில் உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகையில் பின்பக்கத் தாள் உப்பி நீளும், முகப்பின் ஃபாயில் அப்படியே இருக்கும். அதனால் ஓரங்கள் படத்தின் பக்கம் எழும்பும். சித்திரை வெயிலில் தாள் காய்ந்து சுருங்கும்போது எதிர்ப்பக்கம் வளையும். வளைந்த கார்டு போலி என்று நினைக்காதீர்கள், அசல்தான் இப்படி வளைகிறது. இஸ்திரிப் பெட்டி வைத்து நிமிர்த்தவும் முயலாதீர்கள். உறையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பெட்டியில், மருந்துப் புட்டியிலும் புதுப் பையிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, கார்டுகளை நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கி வைத்தால் மெல்ல நேராகும்.

பெட்டியை மாடி அறையில் வைக்காதீர்கள், மொட்டை மாடிச் சூடு இறங்கும். கீழ்த்தளத்தில் இரண்டாம் கட்டின் உள்ளறை நல்லது. ஆனால் சுவரை ஒட்டித் தரையில் வேண்டாம், கரையானும் இராமபாணப் பூச்சியும் முதலில் அங்கேதான் வரும். அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், வாடையும் அட்டையில் தங்கும். சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளிறி, கார்டு நீலம் பாரித்துவிடும். டீக்கடைகளில் பழைய சாமி காலண்டர்கள் நீலமாக நிற்பது இதனால்தான்.

11. வேறு விளையாட்டின் கார்டு கைக்கு வந்தால் போக்கிமான் விதியை அதன் மேல் போடாதீர்கள். மேஜிக் கார்டில் நடுவே வலப்பக்கம் இருக்கும் தொகுப்புச் சின்னத்தின் நிறமே அபூர்வக் குறி: கறுப்பு, வெள்ளி, தங்கம், செம்மஞ்சள் என்று ஏறும். இந்த முறை 1998இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டில் சின்னம் இருந்தால் அது கறுப்புதான். அதன் பின்பக்கத்தின் பச்சைப் புள்ளியை லென்ஸில் பார்த்தால் உள்ளே நான்கு பொடிச் சிவப்புப் புள்ளிகள் சேர்ந்து கிடப்பது தெரியும். போலியில் பெரும்பாலும் அது குழம்பியிருக்கும். யூ-கி-ஓவில் அபூர்வத்தைப் பெயரின் நிறத்திலும் படத்தின் பளபளப்பிலும் படிக்க வேண்டும். கீழ் வலது மூலையில் சின்னச் சதுர ஹாலோகிராம் இருக்க வேண்டும்.

12. போலி என்று தெரிந்த கார்டை யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளையிடம் அதைத் தள்ளிவிட்டு அவனுடைய அசலை வாங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தபோது திருப்பிக் கொடுக்கச் செய்திருக்கிறேன். அழியாத மார்க்கரால் போலியின் பின்பக்கம் குறுக்கே "போலி" என்று எழுதிவிடுங்கள். வீட்டுத் திண்ணையில் விளையாட அது போதும். அதிகாரப்பூர்வப் போட்டியில் அது செல்லாது. ஒன்றை மட்டும் உங்கள் மாதிரிக் கார்டோடு சேர்த்துத் தனி உறையில் வைத்திருங்கள். அடுத்து யாராவது சந்தேகத்தோடு வந்தால் அசலையும் போலியையும் இருபக்கமும் வைத்து, லென்ஸை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.